சுருட்டைத் தாடிக்குக் கோடு போடுவது: சேலம் சலூனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடு போட்ட அன்று தாடி அழகாக இருக்கிறது. மூன்றாம் நாள் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளமாகிறது. பிளேடு சரியில்லையா?

புது பிளேடு போட்டாலும் வரும். காரணம் முடியின் வளைவில் இருக்கிறது. இறுகச் சுருளும் தாடியில், முடி முளைக்கும் குழியே தோலுக்குள் வளைந்து கிடக்கும். அதிலிருந்து வரும் முடி வெளியே தலைகாட்டியதும் தோலை நோக்கித் திரும்புகிறது. நீளமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. தன்மேலேயே சுருண்டு கிடக்கும். ஒட்ட மழித்துவிட்டால், மறுபடி முளைக்கும் நுனி தோலைத் தொடும் தூரத்திலேயே வளைகிறது. கத்தி முடியைச் சாய்வாக அறுப்பதால், சாய்வாகச் சீவிய மூங்கில் குச்சி போல அந்த நுனி கூராகிவிடும். வெளியே வந்த இடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அது தோலுக்குள் மறுபடி இறங்குகிறது. உடம்பு அதை வெளியிலிருந்து தைத்த முள்ளாகவே எடுத்துக்கொண்டு வீங்குகிறது, சீழ் வைக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து, முடி போகும் போக்குக்கு எதிராக மழிக்கும்போது, முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படுகிறது. கையை விட்டதும் நுனி உள்ளே போய்விடும். பிறகு அது வளரும்போது வெளியே வரவே இல்லை. குழியின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு தோலுக்குள்ளேயே போகிறது. மூன்று, ஐந்து பிளேடு வைத்த ரேஸர்களில் இந்த ஆபத்து அதிகம். முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது, அது திரும்பிப் போவதற்குள் அடுத்த பிளேடு அறுக்கிறது. வழவழப்பு அப்படித்தான் கிடைக்கிறது, கட்டியும் அப்படித்தான் வருகிறது.

இது முதலில் கிருமியால் வரும் நோயல்ல. அதனால்தான் டெட்டால் தடவினாலும் நிற்பதில்லை.

பிளேடு போடாவிட்டால் கோடு எப்படித் தெரியும்? மங்கலாக இருக்காதா?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். கோடு தெரிவதற்குத் தோல் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள முடியின் நீளத்தில் வித்தியாசம் இருந்தால் போதும். மேலே பத்து மில்லிமீட்டர் அடர்ந்த சுருள், கீழே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் குறுமுடி என்றால், பேசிக்கொண்டு எதிரில் நிற்பவர் கண்ணுக்கு அது பளிச்சென்ற விளிம்பாகத்தான் படும். மூக்கு உரசும் தூரத்தில் வந்து பார்த்தால்தான் கீழே முடி இருப்பது தெரியும். நம் மாநிறத் தோலில் அந்த நிழல் இன்னும் குறைவாகவே தெரிகிறது.

அந்த அரை மில்லிமீட்டர்தான் முழுக் காவல். முடியின் நுனி தோலுக்கு மேலே நின்றுவிட்டதால் உள்ளே போய் ஒளிய இடமில்லை. ட்ரிம்மர் முடியைக் கத்தரி போலக் குறுக்காக வெட்டுவதால் நுனியும் மொட்டையாக இருக்கிறது. கத்தியால் சுரண்டிய கழுத்தைவிட, நாலு நாள் கழித்து இந்தக் கழுத்துதான் சுத்தமாகத் தெரியும்.

கழுத்தில் கோடு எந்த இடத்தில் வர வேண்டும்?

குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். மேல் விரலின் விளிம்புதான் கோட்டின் நடு. அங்கிருந்து இரு பக்கமும் காதின் பின்னடி நோக்கி, தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே, மெதுவாக வளைந்து ஏற வேண்டும். பலர் தாடை எலும்பின் மேலேயே கோட்டை ஏற்றிவிடுகிறார்கள். நேராகப் பார்க்கும்போது சரியாக இருக்கும், சிரித்தால் கன்னத்துச் சதையோடு கோடு மேலே ஏறி, கீழே வெறுந்தோல் தெரியும். சுருட்டைத் தாடிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: தாடைக்குக் கீழ்ப் பகுதியில் முடி நாலு திசையிலும் சுழன்று வளரும். அங்கே எவ்வளவு குறைவாக மழிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கோட்டைக் கீழே வைத்தால் காப்பாற்ற வேண்டிய பரப்பும் குறைகிறது.

கன்னக் கோட்டை முடிந்தவரை இயற்கை விட்ட இடத்திலேயே விடுங்கள். மேலே தனியாக நிற்கும் சில முடிகளை மட்டும் எடுத்தால் போதும். கோட்டை நேராக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நூல் இறக்கினால், நாலு மாதத்தில் தாடி வாயோரத்துக்கு வந்துவிடும்.

தாடியை ஈரமாக வைத்து வெட்டலாமா? ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் பள்ளமாக ஆகிவிடுகிறது.

பள்ளம் விழுவதே ஈரத்தில் வெட்டுவதால்தான். சுருட்டை முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும்; அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருங்காது. மோவாயில் தளர்ந்த சுருள் இருக்கும், கிருதாவுக்குக் கீழே இறுகிய சுருள் இருக்கும். ஈரத்தில் சமமாக வெட்டிய தாடி, காய்ந்ததும் மேடு பள்ளமாகத்தான் நிற்கும்.

தலைக்குப் போடும் ஷாம்புவையே கொஞ்சமாக எடுத்துத் தாடியைக் கழுவி, துவட்டி, முழுக்கக் காய விடுங்கள். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விரலில் தேய்த்துத் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுங்கள். வேரிலிருந்து இழுத்தால் சுருள் முடிச்சாகி அறுந்துவிடும். பிறகு சீப்பைத் தோலோரம் வைத்து வெளிப்புறமாக உயர்த்தி, முடியைத் தூக்கி நிறுத்துங்கள். படுக்கும் பக்கம் எப்போதும் அமுங்கியே கிடக்கும். அந்தப் பக்கத்துக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சிறிது நேரம் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ட்ரிம்மரை ஓட்டினால், அமுங்கிய முடி ட்ரிம்மரில் மாட்டிய சீப்புக்கு அடியில் நழுவித் தப்பிக்கும், நிமிர்ந்த முடி வெட்டுப்படும்.

நினைத்த நீளத்தைவிட இரண்டு படி பெரிய சீப்பு மாட்டித் தொடங்குங்கள். ஒன்பது மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பதினைந்தில் தொடங்கலாம். முடி போகும் போக்கிலேயே ஓட்டுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி சீப்பால் தூக்கி நிறுத்திப் பாருங்கள், சுருளுக்குள் மறைந்திருந்தவை அப்போதுதான் எழும். கடைசியாகச் சமன் செய்வதைக் கத்தரியால்தான் செய்ய வேண்டும்: உருவத்துக்கு வெளியே துருத்தும் நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். எங்கேயாவது பள்ளம் தெரிந்தால் சுற்றியுள்ளதை அதன் மட்டத்துக்கு இறக்காதீர்கள். அந்த இடத்தை ஒரு வாரம் விட்டால் நிரம்பிவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது.

வீட்டில் நானே கோடு போட வேண்டும். முறையைச் சொல்லுங்கள்.

உருவம் முடிந்த பிறகுதான் கோடு. கையில் இருக்க வேண்டியது ஒரு சாதாரண ட்ரிம்மர், அல்லது கோடு போடுவதற்கென்றே வரும் டி வடிவ பிளேடு உள்ள சிறு ட்ரிம்மர். அந்தச் சிறு ட்ரிம்மரின் இரண்டு பிளேடுகளுக்கும் நடுவே தொழிற்சாலையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருப்பார்கள். ஒட்ட வெட்ட வேண்டும் என்று ஸ்க்ரூவைத் தளர்த்தி அந்த இடைவெளியை இல்லாமல் செய்வது இப்போது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. நேர்முடிக்காரருக்கு அது சரியாக வரலாம். சுருட்டைத் தாடிக்கு வேண்டாம். அது சவரக்கத்தி செய்யும் வேலையையே செய்துவிடும்.

முதலில் கோட்டுக்குக் கீழே உள்ள கழுத்து முடியை மூன்று மில்லிமீட்டர் சீப்போடு ஒரு முறை இறக்குங்கள். இப்போதே கோடு எங்கே என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அடுத்து, சீப்பில்லாத ட்ரிம்மரின் பற்களைக் கோட்டின் நடுவில், குரல்வளைக்கு நேர்மேலே, தோலுக்குச் செங்குத்தாக வையுங்கள். அழுத்தக் கூடாது, படுகிறதோ இல்லையோ என்ற அளவில் தொட்டு எடுங்கள். அரை விரல் தள்ளி மறுபடி தொட்டு எடுங்கள். இப்படி நடுவிலிருந்து வலது காது, பிறகு நடுவிலிருந்து இடது காது. ட்ரிம்மரை இழுத்துக்கொண்டே போனால் தோல் கூடவே மடங்கி வரும், கோடு அலையும், பற்கள் தோலைச் சுரண்டும். தொட்டுத் தொட்டு எடுத்தால் கோடு சிறு துண்டுகளாக விழுந்து ஒன்று சேர்ந்துவிடும்.

கோடு விழுந்ததும் அதற்குக் கீழே உள்ளதை, சீப்பில்லாமல், முடி போகும் போக்கில், ஒரே ஒரு முறை இறக்குங்கள். இடது கை சும்மா இருக்கட்டும். தோலை இழுத்துப் பிடிக்க அது தானாகவே கழுத்துக்குப் போகும், விடாதீர்கள். முகவாயை மட்டும் சற்று உயர்த்தினால் போதும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருக்கும். அந்தச் சொரசொரப்பு இருக்க வேண்டும். அதை எடுக்க இரண்டாவது முறை ஓட்டுகிறவர்களுக்குத்தான் கட்டி வருகிறது.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துச் சில நிமிடம் ஒற்றி எடுங்கள். ட்ரிம்மர் பிளேடைப் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, முடியைப் பிடித்து இழுக்கும்.

சலூனில் போய் என்ன சொல்வது? சொன்னாலும் கடைசியில் கத்தியை எடுத்துவிடுகிறார்கள்.

உட்காரும்போதே சொல்லுங்கள், கடைசியில் சொல்லாதீர்கள். "அண்ணே, கோடு ட்ரிம்மரில் மட்டும் போடுங்கள். கத்தி வேண்டாம், எதிர்த்து ஓட்ட வேண்டாம். கீழே கொஞ்சம் முடி நிற்கட்டும், எனக்குக் கட்டி வருகிறது." இவ்வளவு போதும். கத்தியால் ஓரம் எடுத்தால்தான் வேலை முடிந்தது என்று எங்கள் தொழிலில் பலருக்குக் கை பழகிவிட்டது. வாடிக்கையாளர் காரணத்தோடு சொன்னால் கேட்காதவர் குறைவு. எப்படியும் கத்திதான் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், தயங்காமல் எழுந்து வேறு கடைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் போகாதீர்கள். தொட்டுத் தொட்டு எடுக்க நேரம் வேண்டும், அன்று யாருக்கும் அது இருக்காது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கழுத்தில் இப்போதே பத்துப் பதினைந்து கட்டி இருக்கிறது. ஆறு வாரத்தில் கல்யாணம். தாடியோடு மாப்பிள்ளையாக நிற்க வேண்டும்.

ஆறு வாரம் இருப்பது நல்லது, தம்பி. இன்றே கழுத்தை மழிப்பதை நிறுத்துங்கள். முதல் நாலு வாரம் கோடே கிடையாது. பட்டறைக்குப் போக அசிங்கமாக இருக்கிறது என்றால், மூன்றாம் வாரம் வரை காத்திருந்து, ஆறு மில்லிமீட்டர் சீப்பால் மேலோட்டமாகச் சமன் செய்யலாம், அவ்வளவுதான்.

முதல் வாரம் இப்போதைவிட மோசமாகத் தெரியும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட நுனிகள் அந்த நாட்களில்தான் வளர்ந்து தோலைக் குத்தும். இங்கேதான் பலர் பயந்து மறுபடி மழித்துவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் பத்து நிமிடம் வையுங்கள். இரவில் மட்டும், மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் சிறு வட்டமாக, வலிக்காமல் தேய்த்தால், தோலுக்குள் தலை நுழைத்த முடிகள் சில வெளியே வரும். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள ஃபேஸ் வாஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுத்துக்குப் போடுங்கள், எரிந்தால் இன்னும் இடைவெளி விடுங்கள். பட்டறையில் அடுப்பருகே வேர்க்கும்போது அழுக்குத் துண்டால் கழுத்தைத் துடைக்காமல், தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள்.

நாலாம் வார முடிவில் முடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வந்திருக்கும். அந்த நீளத்தில், உள்ளே புகுந்த முடி சுருள்வில் விசையில் தானாக வெளியே வந்துவிடும். புதுக் கட்டி எதுவும் இல்லை என்றால், ஐந்தாம் வாரம் ஒரு ஒத்திகைக் கோடு போடுங்கள், மேலே சொன்ன முறையில். நாலு நாள் கவனியுங்கள். சுத்தமாக இருந்தால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே கோட்டின் மேல் மறுபடி போடலாம். கல்யாணக் காலையில் போடாதீர்கள். ஒட்ட வெட்டச் சொல்லி உறவினர்கள் பக்கத்தில் நின்று தூண்டுவார்கள்.

பழைய கட்டி இருந்த இடத்தில் கரும்புள்ளி இருக்கும். அது ஆறு வாரத்தில் போகாது, மாதங்கள் ஆகும். கோட்டை ஒரு நூல் கீழே வைத்தால் பாதியைத் தாடியே மறைத்துவிடும்.

உள்ளே போன முடி தெரிகிறது. பிடுங்கி எடுத்துவிடலாமா?

பிடுங்கக் கூடாது. வேரோடு வந்த முடி அதே வளைந்த குழியில் மறுபடி முளைக்கும், இம்முறை தோலுக்கு அடியிலிருந்தே தொடங்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். முடி வளையமாகத் தோலுக்கு மேலே தெரிந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி முனையை வளையத்துக்கு அடியில் விட்டு நுனியை மட்டும் நிமிர்த்தி விடலாம். வளையம் தெரியவில்லை, மேடு மட்டும்தான் இருக்கிறது என்றால் கை வைக்காதீர்கள். தோண்டினால் தழும்புதான் மிஞ்சும்.

சபரிமலைக்குப் போய்வந்து மாலை கழற்றியதும் தாடியை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு வருடமும் தை மாதம் முழுக்கக் கட்டியோடு அவதிப்படுகிறேன்.

ஒரு மண்டலம் வளர்ந்த சுருட்டைத் தாடியை ஒரே அமர்வில் கத்தியால் எடுப்பதுதான் காரணம். முதல் நாள் ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டருக்கு இறக்கி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். பார்ப்பவருக்கு மழித்த முகம்தான். முழு வழவழப்பு கட்டாயம் என்றால் இரண்டு நாள் கழித்து, ஒற்றை பிளேடு ரேஸரில், குளித்த பிறகு முகம் ஊறியிருக்கும்போது, போக்கிலேயே ஒரு முறை.

போர்த் தண்ணீர்தான் எங்கள் வீட்டில். சோப்பு நுரையே வருவதில்லை. ஏற்காட்டில் இருக்கும் தம்பிக்கோ குளிரில் தோல் வெடிக்கிறது.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்குப் பதில் தோலில் ஒரு படிவு விடும். கத்தி அதன் மேல் உராய்ந்து ஓடும். ரேஸர் போட்டே ஆக வேண்டிய நாளில் மேட்டூர்க் குழாய்த் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வையுங்கள், சோப்புக்குப் பதில் ஷேவிங் ஜெல் போடுங்கள். ட்ரிம்மரில் மட்டும் கோடு போடுகிறவருக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையே அல்ல.

ஏற்காட்டுத் தம்பிக்கு, காலையில் குளிர்ந்த முகத்தோடு ரேஸர் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ந்த தாடி முடி மிகவும் கடினமானது. வெந்நீர்த் துணியை மூன்று நிமிடம் வைத்தால் முடி நீரை உறிஞ்சி மிருதுவாகும். வெடிப்புக்கு, கோடு போட்ட பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

படிகாரக்கல் தேய்க்கலாமா?

சிறு வெட்டில் ரத்தம் நிற்க நல்லது. முடி உள்ளே வளர்வதை அது தடுக்காது. கடையில் பத்துப் பேர் கழுத்தில் தேய்த்த கல்லை உங்கள் கழுத்தில் தேய்க்க விடாதீர்கள்.

மருந்துக் கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாளில் போய்விடுகிறது, விட்டால் மறுபடி வருகிறது.

அட்டைப்பெட்டியில் கிளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை வீரியமான ஸ்டீராய்டுகள். வீக்கத்தை அமுக்கும், முடியை ஒன்றும் செய்யாது. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரியத் தொடங்கும். அதைவிடக் கவலையான ஒன்று: உங்களுக்கு வந்திருப்பது முடிக்கட்டியாக இல்லாமல் படர்தாமரையாக இருந்தால், இந்த க்ரீம் அதன் அடையாளத்தை மறைத்துப் பரவ விட்டுவிடும். வட்டமாகப் படர்வது, ஓரத்தில் செதில் வருவது, இழுத்தால் முடி வலியில்லாமல் கையோடு வருவது ஆகியவை பூஞ்சையின் அடையாளங்கள். முடிக்கட்டி தனித்தனி மேடாக, மழித்த பரப்பில் மட்டும் நிற்கும்.

படர்வது தெரிந்தாலோ, கட்டி பெரிதாகிக் காய்ச்சல் வந்தாலோ, பழைய கட்டி இருந்த இடம் ரப்பர் போல் தடித்து வளர்ந்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. எவ்வளவு கவனமாக இருந்தும் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து வருகிறது என்றால் லேசர் முறையில் அந்தப் பகுதி முடியைக் குறைக்கலாம். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை லேசர்தான் மிகவும் பாதுகாப்பானது. எந்த இயந்திரம் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சில அமர்வுகள் தேவைப்படும். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கே போன முடி பழைய அடர்த்தியில் திரும்பி வராது.